பன்னிரண்டு கோடு, ஐந்து மக்

அமெரிக்க வீடுகளின் சமையலறை மேடையில் சாதாரணமாகக் காணப்படும் காபி மேக்கர் 12 கப் அளவுள்ளது. அதன் கண்ணாடிக் குடுவையின் பக்கவாட்டில் 2, 4, 6 என்று தொடங்கி 12 வரை கோடுகள் போட்டிருக்கும். பன்னிரண்டாவது கோடு வரை தண்ணீர் எடுத்து, மேக்கரில் ஊற்றி, காபி இறங்கியதும் வீட்டில் இருக்கும் மக்குகளில் ஊற்றிப் பாருங்கள். ஐந்து மக் நிரம்பும். ஆறாவதில் பாதிகூட வராது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் தாத்தா பாட்டிகள், நான்கு பேருக்கு என்று நான்காவது கோடு வரை தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். இரண்டு மக்கோடு அது தீர்ந்துவிடும். மேக்கரில் கோளாறு என்றோ, தண்ணீர் எங்கோ ஒழுகுகிறது என்றோ தோன்றுவது இயல்புதான். இரண்டும் இல்லை. குடுவையில் போட்டிருக்கும் கப் வேறு, நம் கையில் இருக்கும் மக் வேறு.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம். பெரும்பாலான அமெரிக்க காபி மேக்கர்களில் ஒரு கோடு என்பது 5 திரவ அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 148 மில்லிலிட்டர். பன்னிரண்டு கோடு சேர்ந்தால் 60 அவுன்ஸ், சுமார் 1.77 லிட்டர். அதே அமெரிக்கச் சமையலறையில் மாவும் சர்க்கரையும் அளக்கும் கப் 8 அவுன்ஸ், 237 மில்லி. காபி குடிக்கும் மக்கோ, நாம் வழக்கமாக ஊற்றும் மட்டம் வரை 300 மில்லி கொள்ளும்; விளிம்பு வரை நிரப்பினால் 350 வரைகூடப் போகும். ஆக, காபி மேக்கரின் ஒரு கப் நம் மக்கில் பாதிதான்.

இந்த 148 மில்லியும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. ஐரோப்பிய மேக்கர்களில் ஒரு கப் பெரும்பாலும் 125 மில்லி. நெதர்லாந்தில் தயாராகும் மொக்காமாஸ்டர் மேக்கரின் குடுவை 1.25 லிட்டர், அதை 10 கப் என்று சொல்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் செய்த 10 கப் மேக்கர் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பிடிக்கும். இரண்டின் பெட்டியிலும் 10 என்றுதான் இருக்கும். உள்ளே கால் லிட்டர் வித்தியாசம். அழுத்திக் காபி வடிக்கும் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு லிட்டர் பாத்திரம் 8 கப். அதன் குட்டிப் பாத்திரமான 350 மில்லி, 3 கப். மூன்று பேர் வீட்டுக்கு என்று அதை வாங்கினால் ஒருவர் குடிக்கத்தான் காபி கிடைக்கும். அடுப்பில் வைக்கும் இத்தாலிய மொக்கா பாத்திரம் இன்னும் சிறியது. அதில் 3 கப் என்பது எல்லாம் சேர்ந்தே சுமார் 130 மில்லி, ஏனென்றால் அங்கே கப் என்பது எஸ்பிரஸோ குடிக்கும் சின்னக் கோப்பை.

நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லிதான். ஜப்பானியர்களின் அரிசி அளவு அது. அந்தக் கப்பால் அரிசி அளந்தால் பாத்திரத்தில் உள்ள கோடு சரியாக இருக்கும். வீட்டு டம்ளரால் அளந்துவிட்டுக் கோட்டுக்குத் தண்ணீர் வைத்தால் சோறு வேகாது, அல்லது குழையும். காபி மேக்கரின் சிக்கலும் அதே வகைதான். ஆனால் குக்கரோடு கப்பைக் கொடுக்கிறார்கள். காபி மேக்கரோடு அந்த 148 மில்லிக் கோப்பையை யாரும் கொடுப்பதில்லை. கோடு மட்டும் இருக்கிறது.

இந்த அளவு ஏன் வந்தது? காபி ஒரு காலத்தில் மக்கில் குடிக்கப்படவில்லை. தட்டோடு வைத்துக் கொடுக்கும் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். அந்தக் கோப்பை ஏறத்தாழ 6 அவுன்ஸ் கொள்ளும். விளிம்பு வரை ஊற்றிக் கொடுக்க முடியாது. பாலுக்கோ கிரீமுக்கோ இடம் வேண்டும், தூக்கும்போது சிந்தவும் கூடாது. அப்படிப் பார்த்தால் ஊற்றும் காபி 5 அவுன்ஸ் என்பது அந்தக் கோப்பைக்குப் பொருத்தமான அளவு. தூள் குடிக்கும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. 6 அவுன்ஸ் தண்ணீரில் 10 கிராம் தூள் போட்டால், தூள் தன்னிடம் வைத்துக்கொள்வது போக 5 அவுன்ஸுக்குச் சற்று மேல் இறங்கும்.

1950-களில் நியூயார்க்கில் இயங்கிய காபி பிரூயிங் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு, 6 அவுன்ஸ் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டித் தூள் என்ற கணக்கை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது. அதே பத்தாண்டில், 1954-இல், ஜெர்மனியில் விகோமாட் என்ற மின்சார வடிகட்டி மேக்கர் காப்புரிமை பெற்றது. அமெரிக்க வீடுகளுக்குள் இந்த வகை மேக்கரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1972-இல் வந்த மிஸ்டர் காபி. அதுவரை அங்கே காபியைக் கொதிக்கக் கொதிக்கச் சுற்றவிடும் பெர்கலேட்டர்தான் இருந்தது. புது மேக்கர் பழைய பாத்திரத்தின் இடத்தைப் பிடித்தபோது, கப் கணக்கும் கூடவே வந்துவிட்டது.

கோப்பைதான் மாறியது. பீங்கான் கோப்பையும் தட்டும் விருந்தினர் அலமாரிக்குப் போய்விட்டன. தினமும் கையில் எடுப்பது மக் என்றாயிற்று. கடைகளில் அளவு இன்னும் கூடிவிட்டது. ஸ்டார்பக்ஸில் டால் என்பது 354 மில்லி, கிராண்டே 473 மில்லி. ஒரு கிராண்டே நிரம்ப வேண்டும் என்றால் காபி மேக்கரின் மூன்று கோட்டுக்கு மேல் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் மேக்கரின் கோடு நகரவில்லை. பழைய பழக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பெட்டியில் அச்சிடும் எண் என்று நான் நினைக்கிறேன். அதே குடுவையை 300 மில்லி மக் கணக்கில் விற்க வேண்டுமானால் பெட்டியில் 12-க்குப் பதில் 5 என்று போட வேண்டியிருக்கும். பக்கத்து நிறுவனம் 12 என்று போட்டிருக்கும்போது எந்த நிறுவனமும் முதலில் அதைச் செய்ய முன்வராது.

இனி நம் மேக்கருக்கு வருவோம். உங்கள் வீட்டுக் கோடு எத்தனை மில்லி என்பதை ஒருமுறை அளந்துவிட்டால் போதும். சமையலறைத் தராசு இருந்தால் வெறும் குடுவையை அதன்மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மேலே உள்ள கடைசிக் கோடு வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. தராசு 1,770 காட்டினால் அதை 12-ஆல் வகுங்கள். ஒரு கோடு ஏறத்தாழ 148 மில்லி. கடைசிக் கோட்டில் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடுவை நடுவில் உப்பி இருக்கும். இரண்டாவது கோட்டில் தண்ணீர் மட்டம் ஒரு நூல் ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு வெகுவாக மாறிவிடும். மேல் கோட்டில் அந்தப் பிழை பன்னிரண்டாகப் பிரிந்து சிறுத்துவிடும்.

தராசு இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். முழு லிட்டரையும் குடுவையில் ஊற்றி மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஏழாவது கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் உங்களுடையது 148 மில்லி கப். சரியாக எட்டில் நின்றால் 125 மில்லி. வேறு எங்கே நின்றாலும், ஆயிரத்தை அந்தக் கோட்டின் எண்ணால் வகுத்தால் விடை வந்துவிடும்.

மக்கையும் இதே போல அளக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பி அளக்கக் கூடாது. நீங்கள் தினமும் எந்த மட்டம் வரை ஊற்றிக் குடிக்கிறீர்களோ அதுவரை தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு மக் என்று வைத்திருந்தால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நூறு மில்லி வரை வித்தியாசம் தெரியவரலாம்.

இன்னொரு இடத்திலும் கோடு இருக்கும்: மேக்கரின் பின்புறத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் 10-உம் குடுவையின் 10-உம் ஒரே அளவு என்று எண்ணிவிடக் கூடாது. சில மேக்கர்களில் தூள் குடிக்கப்போகும் தண்ணீரையும் சேர்த்துத் தொட்டியில் கோட்டைச் சற்று உயர்த்திப் போட்டிருப்பார்கள். குடுவையில் 10 வரை தண்ணீர் எடுத்துத் தொட்டியில் ஊற்றினால் தெரிந்துவிடும். தொட்டியில் மட்டம் 10-க்குக் கீழே நின்றால், அந்தத் தொட்டி இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். இரண்டில் எதை நம்புவது என்று ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு எப்போதும் அதாலேயே அளப்பது நல்லது. நான் குடுவையைத்தான் சொல்வேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மட்டம் பார்க்க முடியும்.

தூள் குடிக்கும் தண்ணீர் என்றேனே, அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஊற்றிய தண்ணீர் அவ்வளவும் காபியாகக் கீழே வராது. ஒரு கிராம் காபித் தூள் ஏறத்தாழ இரண்டு மில்லி தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 60 கிராம் தூள் போட்டால் 120 மில்லி ஈரத் தூளோடு குப்பைக் கூடைக்குப் போகிறது. ஆவியாகப் போவது இதற்கு மேல், ஆனால் அது சொற்பம். எட்டாவது கோடு வரை தண்ணீர் ஊற்றினால் குடுவையில் காபி ஏழாவது கோட்டை ஒட்டி நிற்பது இதனால்தான்.

தூள் எவ்வளவு? உலக அளவில் சிறப்புக் காபித் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம்; ஐந்து கிராம் கூடக் குறைய இருக்கலாம். 148 மில்லிக் கோட்டுக்கு இது 8 கிராம். 125 மில்லிக் கோட்டுக்கு 7 கிராம். இந்த ஒற்றை எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: கோடு ஒன்றுக்கு எட்டு கிராம். கரண்டியால் அளப்பவர்கள் தங்கள் கரண்டியை ஒருமுறை எடை போட்டுக்கொள்ளுங்கள். மட்டமாக எடுத்த மேசைக்கரண்டி ஒன்று சுமார் 5 கிராம் என்பார்கள். ஆனால் கருக வறுத்த கொட்டை லேசாக இருக்கும், இளம் வறுவல் கனமாக இருக்கும், பொடியின் பருமனும் எடையை மாற்றும்.

இந்த இடத்தில்தான் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. 6 அவுன்ஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற பழைய விதியைப் படித்த ஒருவர், கப்புக்கு இரண்டு கரண்டி என்று அதை மனத்தில் வைத்துக்கொள்கிறார். மேக்கரின் கப்போ 5 அவுன்ஸ். 12 கோட்டுக்கு 24 கரண்டி போட்டால் 120 கிராம் ஆகிறது. வேண்டியது 98 கிராம்தான். காபி கனத்துப் போவதோடு, தூள் ஊறி உப்பி வடிகூடையைத் தாண்டி வழியும்.

இன்னொருவர் மக்கைக் கப் என்று எடுத்துக்கொள்கிறார். நான்கு மக் காபிக்கு 8 கோடு தண்ணீர் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் தூளை மட்டும் ஆளுக்கு ஒரு அளவுக்கரண்டி, நான்கு கரண்டி, 40 கிராம் என்று போடுகிறார். 1,184 மில்லி தண்ணீருக்கு வேண்டியது 65 கிராம். கிடைக்கும் காபி நீர்த்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கசப்பாகவும் இருக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. காபித் தூளிலிருந்து மணமும் இனிப்பும் புளிப்பும் முதலில் கரைந்து வரும். கசப்பும் துவர்ப்பும் பின்னால் வரும். குறைந்த தூள் வழியாக நிறைய வெந்நீர் போகும்போது, நல்லதெல்லாம் தீர்ந்த பிறகும் தண்ணீர் அதையே கரைத்துக்கொண்டிருக்கிறது. கசக்கிறதே என்று மறுநாள் தூளை இன்னும் குறைத்தால் காபி இன்னும் கெடும். நீர்த்தும் இருக்கிறது, கசக்கவும் செய்கிறது என்றால் தூளைக் கூட்ட வேண்டும். நீர்த்துப் புளிக்கிறது என்றால் பொடி கரகரப்பாக இருக்கிறது அல்லது தண்ணீர் போதிய சூட்டில் வரவில்லை. கெட்டியாக இருந்து கசந்தால் பொடி அதிக மென்மை. இந்த மூன்றையும் நாக்கு பிரித்துச் சொல்லிவிடும்.

இப்போது ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர், ஒவ்வொருவர் மக்கிலும் குடிக்கும் மட்டம் 300 மில்லி. ஆளுக்கு 50 மில்லி பால் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு மக்குக்கும் 250 மில்லி காபி. நான்குக்கும் சேர்த்து ஒரு லிட்டர் காபி குடுவையில் இறங்க வேண்டும். ஊற்ற வேண்டிய தண்ணீர் அதைவிடக் கூட. லிட்டருக்கு 55 கிராம் தூள் போடும் வரை, வேண்டிய காபியோடு அதில் எட்டில் ஒரு பங்கைச் சேர்த்தால் தண்ணீரின் அளவு வந்துவிடும். ஆயிரத்தில் எட்டில் ஒரு பங்கு 125. ஆகத் தண்ணீர் 1,125 மில்லி. அதை 148-ஆல் வகுத்தால் 7.6. ஏழாவது கோட்டுக்கும் எட்டாவது கோட்டுக்கும் நடுவே, எட்டை நோக்கிக் கொஞ்சம் ஏறினாற்போல் ஊற்ற வேண்டும். தூள் 62 கிராம். அது 124 மில்லி தண்ணீரைக் குடிக்கும். குடுவையில் இறங்குவது ஒரு லிட்டர்.

இதே வழியில் போட்டால் இரண்டு மக்குக்கு 3.8 கோடும் 31 கிராமும் வரும். ஐந்து மக்குக்கு 9.5 கோடும் 77 கிராமும். ஆறு மக்குக்கு 11.4 கோடும் 93 கிராமும். அதற்கு மேல் குடுவையில் இடம் இல்லை. பால் சேர்க்காமல் முழு 300 மில்லியும் கறுப்புக் காபியாகக் குடிக்கும் வீட்டில் ஐந்து மக்குதான் எல்லை. தொடக்கத்தில் சொன்ன ஐந்து மக் இதுதான்: பன்னிரண்டு கோட்டில் 1,776 மில்லி தண்ணீர், 98 கிராம் தூள், இறங்கும் காபி சுமார் 1,580 மில்லி.

காலை அவசரத்தில் யாரும் வகுத்துப் பார்க்கப்போவதில்லை. அதற்குச் சுருக்கம், பால் சேர்க்கும் மக் ஒன்றுக்கு இரண்டு கோடு, பதினாறு கிராம். கொஞ்சம் மிஞ்சும், குறையாது. இதைவிட நல்ல வழி, ஒரு துண்டு காகித டேப்பைக் குடுவையின் வெளிப்புறம் ஒட்டி, உங்கள் மக் கணக்கில் 2, 4, 6 என்று புதுக் கோடு போட்டுவிடுவது. அருகிலேயே தூளின் கிராமையும் எழுதிவிட்டால் வீட்டில் யார் காபி போட்டாலும் ஒரே மாதிரி வரும். கழுவும்போது டேப் உரிந்தால், அழியாத மையால் கண்ணாடியின் வெளிப்புறத்தில் நேராகவே போட்டுக்கொள்ளலாம்.

ஊற்றுவதற்கு முன் குடுவையை மெதுவாக ஒரு சுழற்று சுழற்றுங்கள். முதலில் இறங்கும் காபி கெட்டியானது, அடியில் தங்கும். கடைசியில் இறங்குவது தெளிவாக நீர்த்திருக்கும், மேலே நிற்கும். சுழற்றாமல் ஊற்றினால் முதல் மக்குக்காரருக்கு ஒரு காபி, நான்காவது மக்குக்காரருக்கு வேறு காபி.

இந்தக் கணக்கு எல்லா அளவிலும் ஒரே சீராக வேலை செய்யாது. 12 கப் மேக்கரில் ஒருவருக்கு மட்டும் இரண்டு கோடு தண்ணீர், 16 கிராம் தூள் என்று போட்டால் காபி சப்பென்று வரும். அகலமான கூடையில் 16 கிராம் தூள் மெல்லிய படலமாகத்தான் பரவும். தண்ணீர் அதைச் சட்டென்று கடந்துவிடும். போதாததற்கு, மேக்கர் சூடேறும் முன் வரும் முதல் தண்ணீர் போதிய வெப்பத்தில் இருக்காது. பன்னிரண்டு கோட்டில் அது சிறு பகுதி, இரண்டு கோட்டில் அதுவே பெரும் பகுதி. சில மேக்கர்களில் 1–4 என்று ஒரு பொத்தான் இருக்கும். தண்ணீர் வரும் வேகத்தைக் குறைத்து இந்தக் குறையை ஓரளவு சரிசெய்வதற்குத்தான் அது. அது இல்லையென்றால் நான்கு கோட்டுக்குக் கீழே போகாமல் இருப்பதே நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் கோட்டுக்கு எட்டுக்குப் பதில் பத்து கிராம் போடுங்கள்.

மறுமுனையில் எல்லை வைப்பது கூடை. காய்ந்த தூள் கூடையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நின்றால் ஆபத்து, நனைந்ததும் உப்பும். குடுவையில் தூள் மிதந்தாலோ, கூடையின் விளிம்பிலிருந்து மேடை மேல் காபி வழிந்தாலோ காரணம் இதுதான். வடிதாளின் ஓரம் மடிந்து உள்ளே விழுந்திருந்தாலும் இதே கதி. முழுக் குடுவையும் கெட்டியாக வேண்டும் என்பவர்கள் இரண்டு தடவையாகப் போடுவதுதான் வழி.

நம் ஃபில்டர் காபித் தூளை இந்த மேக்கரில் போடுபவர்களுக்கும் இந்த எல்லை முக்கியம். வழக்கமாக நம் கடைகளில் அரைத்துத் தரும் தூள் மேக்கருக்கு வேண்டியதைவிட மென்மையானது, சிக்கரியும் சேர்ந்திருக்கும். காகித வடிதாள் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காமல் கூடையில் தேங்கும். சற்றுக் கரகரப்பாக அரைத்துத் தரச் சொல்லி வாங்கினால் சிரமம் குறையும். லிட்டருக்கு 55 கிராம் என்ற கணக்கும் இங்கே ஒத்துவராது. அது கறுப்பாகவோ துளிப் பாலோடோ குடிக்கும் காபிக்கான அளவு. சரிபாதி பால் சேர்த்தால் வெளிறிவிடும். பாதிக்குப் பாதி பால் கலக்கும் வீட்டுக்குத் தண்ணீரைக் குறைத்துத் தூளை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். நான்கு கோடு தண்ணீர், அதாவது 592 மில்லி. தூள் 60 கிராம். இறங்குவது சுமார் 470 மில்லி. அதே அளவு சூடான பால் சேர்த்தால் 150 மில்லி டம்ளர் ஆறு தாராளமாக வரும். பித்தளை ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷனின் கெட்டி இதில் வராது; தண்ணீர் தூளோடு அவ்வளவு நேரம் இருப்பதில்லை. ஆனால் கோட்டை அப்படியே நம்பிப் போட்ட காபியைவிட இது எவ்வளவோ மேல்.

புதிதாக மேக்கர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் கப் எண்ணை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் எங்காவது போட்டிருக்கும் லிட்டர் எண்ணைத் தேடுங்கள். நம் ஊரில் 1.2 லிட்டர் மேக்கர் 10 முதல் 15 கப் என்று விற்கிறது. அதாவது கப் 120 மில்லி, இல்லையென்றால் 80 மில்லி. டம்ளரில் குடிக்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு சரியே. 300 மில்லி மக்கில் கறுப்புக் காபி குடிக்கும் குடும்பத்துக்கு அதிலிருந்து மூன்று மக் முழுதாகவும் நான்காவதில் பாதியும் கிடைக்கும். கண்ணாடிக்குப் பதில் எவர்சில்வர் குடுவையோடு வரும் மேக்கரில், உள்ளே காபி எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதை வாங்கினால் தண்ணீரை அளவுக் குவளையில் எடுத்தோ தராசில் நிறுத்தியோ தொட்டியில் ஊற்றுங்கள். கோடு எத்தனை கப் என்ற கேள்வியே அங்கே எழாது.